1-0-1 என்றால் நூற்றி ஒன்றா?

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம், கார்த்திகை தீபம் என்று கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். தென் திருப்பதி என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ராஜபாளையம். நூற்பாலைகளின் ஊர். அதை ஒட்டியே சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்கே நெய்த துணி வெளிநாட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறது.

துணி போகிறது சரி. ஆஸ்பத்திரியிலிருந்து இந்த ஊர்களுக்கு என்ன வருகிறது? மாத்திரை வருகிறது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குப் பிறகு வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். மனசாரப் பாராட்டலாம். ஆனால் வாசல் வரை வந்த மாத்திரை வாய்க்குப் போகும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த அட்டையை யாராவது படிக்க வேண்டும்.

யார் படிப்பது?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 26 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். மாத்திரை சாப்பிடுகிற வயதும் அதுதான். இவர்களுக்காகத்தான் முதியோர் கல்வி என்று ஒன்று வைத்திருக்கிறோம். 1990களில் அறிவொளி இயக்கம். 2020-ல் 'கற்போம் எழுதுவோம்'. 2022-லிருந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். பெயர்கள் மாறின. ஆனால் ஊர்க் கூட்டங்களில் இன்றைக்கும் கைதட்டல் விழுவது ஒரே சாதனைக்குத்தான்: "கைநாட்டு வைத்த பாட்டி கையெழுத்துப் போட்டார்!"

சந்தோஷம். கையெழுத்து எங்கே உதவும்? வங்கியில் கடன் வாங்கும்போது உதவும். அதாவது, கொடுக்கிறவருக்கு உதவும். மாத்திரை அட்டை உதவப்போவது பாட்டிக்கு. அதைப் படிக்கச் சொல்லித் தரவில்லை.

இந்த வாரம் நான் சண்டைக்கு இழுப்பது இதைத்தான். முதியோர் வகுப்பில் மருந்து அட்டை படிப்பது கடைசிப் பாடமாகவோ, 'நேரம் இருந்தால்' பாடமாகவோ இருக்கக் கூடாது. முதல் மாதத்திலேயே இருக்க வேண்டும். அ, ஆ முடிகிற வரை காத்திருக்கக் கூடாது.

"அதெப்படி சார், எழுத்தே தெரியாமல் அட்டையைப் படிப்பது?" என்று கேட்பீர்கள். படிக்கலாம். ஏனென்றால் அந்த அட்டையில் உயிருக்கு ஆபத்தான சமாசாரம் முக்கால்வாசி எழுத்தில் இல்லை. எண்ணில் இருக்கிறது. எண் இவர்களுக்குத் தெரியும். நூறு ரூபாய் நோட்டையும் ஐநூறு ரூபாய் நோட்டையும் மாற்றிக் கொடுத்து இவர்களை ஏமாற்றிப் பாருங்களேன்!

*

ஒரு அக்காவை வைத்துக்கொள்வோம். வயது 52. சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சுகரும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5 என்று இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மெட்ஃபார்மின் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டோடு. அம்லோடிபின் காலையில் மட்டும்.

அக்கா இதை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? "பெரிய வெள்ளை ரெண்டு வேளை, சின்ன வெள்ளை ஒரு வேளை." இது முட்டாள்தனம் இல்லை. படிக்கத் தெரியாதவர் தானே கண்டுபிடித்த எழுத்து அது. நிறமும் அளவும்தான் அதில் அ, ஆ. சிக்கல் என்னவென்றால், டெண்டர் எடுத்த கம்பெனி மாறினால் மாத்திரையின் அளவு மாறலாம், நிறம் மாறலாம், அட்டை மாறலாம். அக்காவின் அகராதி ஒரே நாளில் செல்லாக்காசு.

இப்போது அக்காவுக்குத் தலைசுற்றல். ராஜபாளையத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் போகிறார். பழைய அட்டைகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. டாக்டர் சுகரைப் பார்க்கிறார், கூடியிருக்கிறது. ஒரு புது மாத்திரை எழுதுகிறார். அதில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: கிளிமெபிரைடு, கூடவே மெட்ஃபார்மின். கடையில் எல்லோரும் சொல்வது கம்பெனி வைத்த பெயர். 2018-ல் ஒரு விதி வந்தது, மருந்தின் உண்மைப் பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று. இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைக்கும் அந்த விதி உண்டு; மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் விலக்கு. ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு எந்த எழுத்தும் எறும்பு வரிசை மாதிரித்தான்.

அக்கா வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? அரசு கொடுத்ததும் சுகர் மாத்திரை, டாக்டர் கொடுத்ததும் சுகர் மாத்திரை. இரண்டையும் சாப்பிடுவார். பயபக்தியோடு, வேளை தவறாமல் சாப்பிடுவார். ஒரே மருந்து இரண்டு வழியில் உடம்புக்குள் போகும். அதுகூடப் பரவாயில்லை. புதிதாக வந்த கிளிமெபிரைடு, சாப்பாடு இல்லாமல் போனால் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும் மருந்து. "காலையில் ஒன்று" என்று சொல்லியிருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வருகிற அக்கா, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் அப்படியே படுத்துத் தூங்குவார். வியர்வை, நடுக்கம், படபடப்பு, அப்புறம் மயக்கம். எழுப்ப ஆள் இல்லை. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

இதில் டாக்டர் தப்பு செய்தாரா? தெரிந்த தகவலுக்கு அவர் எழுதியது சரிதான். மருந்துக்கடைக்காரர் தப்பு செய்தாரா? சீட்டில் இருந்ததைக் கொடுத்தார். அக்கா? சொன்னதைச் செய்தார். யாருமே தப்பு செய்யாமல் ஒரு ஆபத்து தயாராகிறது பாருங்கள். இந்த இடத்தைத்தான் ஒரு பாடம் அடைக்க முடியும்.

*

என்ன பாடம்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள், வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் இருக்கிற மாத்திரைப் பையை எடுத்து வரட்டும். பாயில் கொட்டட்டும். இதுதான் பாடப்புத்தகம். ஆசிரியர் தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போடட்டும். காலை, மதியம், சாயங்காலம், இரவு. முதல் கட்டத்தில் உதிக்கிற சூரியன், கடைசியில் நிலா. இப்போது பலகையில் 1-0-1 என்று எழுதி, கட்டத்தில் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். நிஜ மாத்திரை வேண்டாம், பிரித்துக் கெடுக்க வேண்டியதில்லை.

பழக்கம் இல்லாதவருக்கு அது காலை-மதியம்-இரவு என்று எப்படித் தெரியும்? 'நூற்றி ஒன்று' என்று படித்தால் அவர் எண்ணைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்! சீட்டில் மூன்று எண், தரையில் நான்கு கட்டம் என்பதும் குழப்பும். மூன்று எண் வந்தால் சாயங்காலக் கட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். இது டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சங்கேத பாஷை. படித்தவர்களுக்குப் பழகிவிட்டதால் தமிழ் மாதிரி தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அரை மாத்திரை இன்னும் வேடிக்கை. 1/2 என்று சாய்கோடு போட்டு அவசரமாக எழுதினால், அது பாதியா? ஒன்றா, இரண்டா? பாதி நிலா படம் போட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

"புளியங்கொட்டை எதற்கு? வாயால் சொல்லச் சொன்னால் போதாதா?" போதாது. 2006-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. 'இரண்டு மாத்திரை, தினம் இருவேளை' என்று எழுதிய மருந்துப் புட்டியைக் குறைவாகப் படித்த நோயாளிகளிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 71 பேர் அந்த வரியைச் சரியாகப் படித்துச் சொல்லிவிட்டார்கள். "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையை எண்ணிக் காட்டுங்கள்" என்றார்கள். நான்கு மாத்திரையைச் சரியாக எண்ணிக் காட்டியவர்கள் நூற்றுக்கு 35 பேர்தான்!

இந்த இரண்டு எண்களையும் முதியோர் கல்வி நடத்துகிற ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுதி மாட்ட வேண்டும். வாசித்தவர்களில் பாதிப் பேருக்கு அதைச் செய்யத் தெரியவில்லை. நம் வகுப்புகள் வாசிப்பதோடு நின்றுவிடுகின்றன. கையால் எடுத்து வைத்துக் காட்டினால்தான் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்திலேயே ஷிஃப்ட் பிரச்னையும் வெளியே வரும். "இரவு வேலை வாரத்தில் உனக்குக் காலை எதுக்கா?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். பதில் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்று இருவரும் கண்டுபிடிப்பதுதான் பாடம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "சார், நான் நைட் ஷிஃப்ட், காலையில வந்து படுத்துருவேன், இந்த மாத்திரையை எப்பப் போடட்டும்?" என்று அக்கா கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்த டாக்டரிடமும் பதில் இருக்கும். கேட்கப்படாததுதான் குறை.

*

இரண்டாவது பாடம், அட்டையில் உள்ள எண். 500, 5, 2.5. பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன மாதம் 500 இருந்தது, இந்த மாதம் 1000 இருக்கிறது என்றால் எழுத்தே தெரியாதவரும் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்து என்ன செய்வது? தானாக ஒன்றும் செய்யக் கூடாது. கேட்க வேண்டும். புள்ளியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். 2.5-ல் புள்ளியைத் தவறவிட்டால் அது 25 ஆகிவிடும். காசுக் கணக்கு பழகியவர்களுக்கு இரண்டரை ரூபாய் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

இதோடு பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள். ஏ-யிலிருந்து இசட் வரை வேண்டாம். தன் மருந்தின் முதல் மூன்று எழுத்தைக் கோலம் மாதிரிப் பார்த்து அடையாளம் கண்டால் போதும். பேருந்தின் முன்னால் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரை அப்படித்தானே அடையாளம் காண்கிறார்கள்? நம் அக்கா 'மெட்' என்கிற மூன்று எழுத்து வடிவத்தை அரசு அட்டையில் பார்த்துப் பழகியிருந்தால், தனியார் அட்டையிலும் அதே வடிவத்தைத் தேட முடியும். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேட வேண்டியிருக்கும். ஆனால் கண்ணில் பட்டால் ஒரு கேள்வி பிறக்கும்.

மூன்றாவது, காலாவதி தேதி. அட்டையில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று செய்த தேதி, இன்னொன்று முடிகிற தேதி. முடிகிற தேதிக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஒரு மூன்று பல் சீப்பு, ஒரு பெருக்கல் குறி, ஒரு கொடிக்கம்பு. அதுதான் ஈ, எக்ஸ், பி. பக்கத்தில் மாதமும் வருஷமும். 04/2027 என்று இருந்தால் 2027 ஏப்ரல் கடைசி நாள் வரை சாப்பிடலாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஏப்ரல் முதல் தேதியே குப்பையில் போட வேண்டியதில்லை.

இதில் ஒரு கடைக்காரர் சதி உண்டு. சதி என்பது பெரிய வார்த்தை, பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது பெயரில்லாத, பிறந்த தேதியும் இறக்கும் தேதியும் இல்லாத அநாதை மாத்திரை. எழுத்தறிவு என்பது இந்த இடத்தில் ஒரு வாக்கியம்: "அண்ணே, தேதி இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க." ஒருவருக்கு மட்டும்தான் அந்த ஓரம் கிடைக்கும். மற்றவர்களுக்குத் தேதியையும் பெயரையும் உறையில் எழுதிக் கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர். இது எதற்கு என்று கேட்பவர்கள் 2025 அக்டோபரை நினைத்துப் பார்க்கட்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்தார்கள். சோதனையில் எஸ்.ஆர்-13 என்ற தொகுதியில் நச்சு இருந்தது என்று அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த பாட்டிக்கு, அலமாரியில் இருக்கிற பாட்டில் அந்தத் தொகுதியா என்று ஒத்துப் பார்க்கத் தெரிந்திருந்தால்தான் அறிவிப்புக்கே அர்த்தம். மருந்தில் விஷம் கலந்திருப்பதை அட்டையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, டாக்டராலும் முடியாது. ஆனால் கண்டுபிடித்த பிறகு தப்பிக்கலாம்.

*

நான்காவது பாடம் பாட்டிகளுக்கு. மகள் மில்லுக்குப் போய்விடுவாள். பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து ஊற்றுவது பாட்டிதான்.

பாராசிட்டமால் குழந்தைகளுக்கு இரண்டு வடிவத்தில் வருகிறது. சின்னப் புட்டியில் சொட்டு மருந்து. பெரிய புட்டியில் சிரப். சொட்டு மருந்தில் ஒரு எம்.எல்.லுக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் ஐந்து எம்.எல்.லுக்கு 125 மில்லிகிராம், அதாவது ஒரு எம்.எல்.லுக்கு 25. பார்த்தீர்களா? சின்னப் புட்டிதான் நான்கு மடங்கு காரம். சின்னக் குழந்தைக்கு மருந்து அதிகம் குடிக்க முடியாது, அதனால் கொஞ்சத்தில் நிறைய அடைத்திருக்கிறார்கள்.

எட்டு கிலோ எடையுள்ள குழந்தை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் ஒரு வேளைக்கு 120. சொட்டு மருந்து என்றால் ஒன்றேகால் எம்.எல்.லுக்குக் கொஞ்சம் குறைவு. சிரப் என்றால் ஏறக்குறைய ஐந்து எம்.எல். பாட்டிக்குப் போன தடவை சிரப் கொடுத்த ஞாபகம்: "ஒரு மூடி ஊத்தணும்." இந்தத் தடவை வீட்டில் இருப்பது சொட்டு மருந்து. அதே ஐந்து எம்.எல். ஊற்றினால் 500 மில்லிகிராம். நான்கு மடங்கு. காய்ச்சல் விடவில்லை என்று நாளைக்கு நான்கு வேளை, மூன்று நாள் ஊற்றினால் குழந்தையின் கல்லீரல் கெட்டுப்போகும். மருந்து மாறவே இல்லை, நல்ல மருந்துதான். புட்டி மாறியது.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. பாடம் ரொம்பச் சின்னது. அந்தந்தப் புட்டியோடு வந்த அளவுமூடியும் சொட்டுக்குழாயும் அந்தந்தப் புட்டிக்கு மட்டுமே. மாற்றிப் போடக் கூடாது. சமையலறை ஸ்பூன் கூடவே கூடாது, வீட்டுக்கு வீடு அது வேறு அளவு. வகுப்பில் தண்ணீர் வைத்து ஐந்து எம்.எல். கோடு வரை ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூடியை மேடையில் சமமாக வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் கோடு ஏமாற்றும். பேனாவால் கோட்டில் ஒரு மை தடவிவிட்டால் வேலை முடிந்தது.

*

இனி எதிர்ப்பாளர்களிடம் வருவோம்.

"முதலில் தாய்மொழி எழுத்து, பிறகுதான் மற்றதெல்லாம்" என்பவர்கள் ஒரு பக்கம். தமிழ்ப்பற்று வாழ்க. ஆனால் கடையில் விற்கிற மாத்திரை அட்டையில் தமிழைத் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். வரட்டும், வர வேண்டும், அதற்காகவும் சண்டை போடுவோம். அது வரும் வரை அக்கா இன்று இரவு என்ன சாப்பிடுவது?

"இதெல்லாம் டாக்டர், மருந்தாளுநர் வேலை" என்பவர்கள் இன்னொரு பக்கம். வேலைதான். ஆனால் அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்த நொடிகளில் உள்ளே இருப்பவர் சொல்வதைப் பாதி கேட்டு, பின்னால் இருப்பவர் தள்ள, நகர்ந்துவிட வேண்டும். அதோடு மாத்திரையை விழுங்குவது ஜன்னலில் இல்லை, வீட்டில். பதினைந்து நாள் கழித்து, ராத்திரி எட்டு மணிக்கு, மருந்தாளுநர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

"பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்." எட்டாம் வகுப்புப் பையனுக்கு 1-0-1 தெரியுமா? அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டிக்குக் கருப்பைக் கோளாறுக்கு மாத்திரை என்றால் பேரனிடம் காட்டுவாளா? "அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். குறி வந்துவிட்டதே, செல்போனில் காட்டினால் போதும்" என்பவர்களும் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிராண்டுகளுக்கு அது கட்டாயம். நல்லது. ஆனால் அது காட்டுவது மருந்தின் பெயர், தயாரித்தவர், தொகுதி, தேதி. இந்த அக்கா எப்போது எத்தனை சாப்பிட வேண்டும் என்று அது சொல்லாது.

கடைசியாக ஒரு வாதம், இதில்தான் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "அரைகுறையாகப் படிக்கக் கற்றால் தானே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள்." அதனால்தான் எல்லை கட்ட வேண்டும் என்கிறேன். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று இந்த வகுப்பில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லக் கூடாது. ஒத்துப் பார், சந்தேகம் வந்தால் கேள், இவ்வளவுதான்.

நான்கு கட்டத்துக்கு அடங்காத மருந்தும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டு உயிர் விட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. வாயெல்லாம் புண், காய்ச்சல் என்று வந்த பிறகுதான் தெரியவரும். இதற்கு மருந்து, அட்டையில் பேனாவால் 'திங்கள் மட்டும்' என்று தமிழில் எழுதுவது. அ, ஆ படித்தது உயிர் காக்கிற இடம் இது. எழுத்துக்கு நான் எதிரி இல்லை.

*

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஐந்து பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்று வாழ்க்கைத் திறன்கள், அதற்குள் சுகாதாரமும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் தேர்வு வைப்பது படித்தல், எழுதுதல், எண்ணறிவு மூன்றுக்கும்தான். தலா 50, மொத்தம் 150 மதிப்பெண். எதற்குத் தேர்வோ அதைத்தான் நடத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி பீரியடுக்கு என்ன கதி என்று தெரியாதா நமக்கு?

எனவே என் கோரிக்கையும் தேர்வைப் பற்றியதுதான். புதுப் பாடநூல், புதுக் குழு, தொடக்க விழா எதுவும் வேண்டாம். 150-ல் 30 மதிப்பெண்ணை எடுத்து மருந்துப் பைக்குக் கொடுங்கள். எழுத்துத் தேர்வு இல்லை, செய்து காட்டும் தேர்வு. ஒரு காலி அட்டை, ஒரு சீட்டு, நான்கு கட்டம், பத்துப் புளியங்கொட்டை, ஒரு அளவுமூடி, ஒரு டம்ளர் தண்ணீர். சீட்டைப் பார்த்துக் கொட்டையை வைக்க வேண்டும். காலாவதித் தேதியைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஐந்து எம்.எல். ஊற்ற வேண்டும். இரண்டு அட்டையில் ஒரே மருந்து இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வாய்மொழிக் கேள்வி. புது மாத்திரை வாங்கும்போது கடை ஜன்னலில் என்ன கேட்பீர்கள்? சரியான பதில் ஒன்றுதான். அதைத் தடுமாறாமல், உள்ளே இருப்பவர் முகம் சுளித்தாலும் நகராமல் சொல்கிறவருக்கு மீதி மதிப்பெண் முழுசையும் போடுங்கள்:

"இது பழைய மாத்திரைக்குப் பதிலா, இல்ல அதோட கூடவா?"